விறைப்புக் குறைபாடும் முன்தோல் வெடிப்பும்: பட்டர்வொர்த் வாசகருக்கு ஒரு குடும்ப மருத்துவரின் பதில்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 36. வீடு பட்டர்வொர்த்தில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த எட்டு மாதங்களாக மனைவியோடு சேரும்போது விறைப்பு வருவதில்லை, வந்தாலும் பாதியில் தளர்ந்துவிடுகிறது. தூங்கி எழும்போது வழக்கமாக இருக்கும் விறைப்பும் இப்போது அரிதாகிவிட்டது. குழந்தைக்காக முயன்று வரும் நேரத்தில் இப்படி ஆகிவிட்டதால், எனக்கு வேறு யாரோடும் தொடர்பு இருக்கிறதோ என்று மனைவி அழுகிறார். இளவயதில் கைப்பழக்கம் இருந்தது. அதனால் வந்த நரம்புத் தளர்ச்சி இது என்கிறார் நண்பர். அவர் கொடுத்த 'ஆண்கள் காப்பி' மூன்று முறை நன்றாக வேலை செய்தது. நான்காம் முறை நெஞ்சு படபடத்துத் தலை சுற்றியது. எடை 92 கிலோ. நாளுக்கு அரைப் பெட்டி சிகரெட். அப்பாவுக்கு இனிப்பு நீரும் இருதய நோயும் உண்டு. கிளினிக் முகப்பில் தெரிந்தவர்கள் வேலை செய்வதால் அங்கே போய் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்னொன்று: இரண்டு மாதங்களாக முன்தோலின் ஓரம் வெடித்து எரிகிறது, பார்மசியில் களிம்பு வாங்கிப் போட்டு வருகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புள்ள சகோதரருக்கு வணக்கம்.

தொடர்பு இருக்காது என்று நினைத்து நீங்கள் கடைசியில் எழுதிய அந்தச் செய்தியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். இதற்கு முன் இப்படி ஒரு தொல்லையே இல்லாத ஓர் ஆணுக்கு, முப்பதுகளின் நடுவில், முன்தோல் வெடிப்பதும் களிம்பு போட்டால் ஆறுவதும் விட்டால் திரும்புவதுமாக இருந்தால், அனுபவமுள்ள மருத்துவர் எவரும் முதலில் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்றுதான் பார்ப்பார். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டும்போது, சிறுநீரகங்களால் அதை முழுவதும் பிடித்து வைக்க முடியாமல் போய், மிச்சம் சிறுநீரில் இறங்கிவிடுகிறது. சிறுநீர் கழித்த பின் முன்தோலுக்குள் தங்கிவிடும் ஓரிரு சொட்டுகளில் அந்தச் சர்க்கரையும் தங்குகிறது. ஈரமும் வெதுவெதுப்பும் சர்க்கரையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் காண்டிடா என்ற பூஞ்சை நன்றாக வளரும். தோல் சிவந்து, வெண்மையாகப் படிந்து, ஓரங்களில் கீறல் கீறலாக வெடிக்கும். நீங்கள் போடும் களிம்பில் ஸ்டீராய்டு மட்டும் இருந்தால் எரிச்சல் தற்காலிகமாக அடங்கி, பூஞ்சை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். எனவே அந்தக் களிம்புக் குழாயைத் தூக்கி எறியாமல், மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் இரத்தத்தைப் பரிசோதிக்காமல் உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வயது, எடை, தந்தையின் நோய், சிறிது சிறிதாகக் குறைந்த விறைப்பு, இந்தத் தோல் வெடிப்பு ஆகிய அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, அதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்களா, இயல்புக்கு மீறிய தாகம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டும் இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த ஆய்வில் இரத்தம் எடுக்கும் வரை தங்கள் நோய் தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியச் சமூகத்தில்தான் அந்த விழுக்காடு மிக அதிகமாக இருந்தது.

சர்க்கரைக்கும் விறைப்புக்கும் என்ன உறவு என்பதை நீங்கள் புரிந்துகொண்டால், நண்பர் சொல்லும் காரணம் தானாகவே விழுந்துவிடும். விறைப்பு என்பது அடிப்படையில் இரத்தம் நிறைவதுதான். ஆசை எழும்போது மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி இறங்கி, ஆணுறுப்பின் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் சுரக்கிறது. அது குழாய்களைத் தளர்த்தி விரிய வைக்கிறது. பஞ்சு போன்ற இரண்டு திசுத் தூண்களுக்குள் இரத்தம் பாய்ந்து நிறைகிறது. அப்படி நிறைந்து உப்பிய திசுவே வெளியேறும் சிரைகளை அழுத்தி மூடிவிடுவதால் இரத்தம் உள்ளேயே நிற்கிறது. நீண்ட காலம் உயர்ந்திருக்கும் சர்க்கரை அந்த உட்சுவரையும் நரம்பு நுனிகளையும் சேர்த்தே கெடுக்கிறது. சிகரெட்டும் அதே உட்சுவரைத்தான் தாக்குகிறது. நிகோட்டின் குழாய்களைச் சுருங்கச் செய்வதால், சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறுவதும் இந்தச் சிக்கலுக்கு விடையாகாது.

கைப்பழக்கம் இந்த அமைப்பில் எதையும் தேய்ப்பதில்லை. வெளியேறிய விந்தை உடல் மீண்டும் மீண்டும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் நரம்பு தளர்வதும் இல்லை, உறுப்பு சுருங்குவதும் இல்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் நம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை என் அறைக்கு வரும் ஆண்களிடம் அன்றாடம் பார்க்கிறேன். பதினைந்து வயதில் செய்ததற்கு முப்பத்தாறு வயதில் தண்டனை கிடைக்கிறது என்று நம்புகிறவர், அந்தக் குற்ற உணர்ச்சியாலேயே மருத்துவரிடம் வராமல் இருந்துவிடுகிறார். அந்தத் தாமதம்தான் எனக்கு வருத்தம் தருகிறது.

தூங்கி எழும்போதுள்ள விறைப்பைப் பற்றி நீங்கள் எழுதியது மிகவும் பயனுள்ள தகவல். உடல்நலமுள்ள ஆணுக்குக் கனவு வரும் தூக்கக் கட்டங்களில் ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். எழும்போது காண்பது அதில் கடைசி முறை. மனக்கவலையால் மட்டும் சிக்கல் என்றால், மனைவியோடு சேரும்போது தளர்ந்துபோகும் ஒருவருக்கும் இந்தத் தூக்க விறைப்பு பெரும்பாலும் முன்போலவே உறுதியாக இருக்கும். அதுவும் மெல்ல மெல்லக் குறைகிறது என்றால் இரத்தக் குழாயையோ நரம்பையோ ஹார்மோனையோ சந்தேகிக்க வேண்டும். உங்கள் நிலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரவு ஷிப்ட் முடிந்து பகலில் விட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு அந்தக் கனவுக் கட்டங்களே குறைந்துபோகும். ஆகவே இரவு வேலை வாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பகல் ஷிப்ட் வாரத்திலோ விடுமுறையிலோ, ஆறேழு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழும் நாள்களில், இரண்டு வாரம் கவனித்து, 'இருந்தது, மென்மையாக இருந்தது, இல்லை' என்று கைத்தொலைபேசியில் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது ஒரு பரிசோதனை முடிவைப் போலவே உதவும். நீங்கள் உரக்கக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறீர்களா என்பதையும் மனைவியிடம் கேட்டு அதே இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையில் தூக்க மூச்சடைப்பு வரக்கூடியதே. அதுவும் விறைப்பைக் குறைக்கும்.

உங்களைப் போலவே ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். அவரை யார் என்று அறிய முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வயது 38, தீவுப் பகுதியில் வேன் ஓட்டிச் சரக்கு கொண்டு சேர்ப்பவர். ஓராண்டாக விறைப்புச் சரியில்லை. கையில் கிடைத்த மாத்திரைகளை வாங்கிப் போட்டிருக்கிறார். என்னிடம் வந்ததோ முன்தோல் பின்னுக்கு இழுக்க முடியாதபடி இறுகிவிட்டது என்பதற்காக. விறைப்பைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 17.4. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.8 விழுக்காடு. இரத்த அழுத்தம் 148-க்கு 94. இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு அது 90-க்குள் இருக்க வேண்டும். கால் பெருவிரலில் மெல்லிய நைலான் இழையால் தொட்டபோது உணர்ச்சி மங்கியிருந்தது. அதாவது நரம்பும் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருந்தது.

அவருக்கு மெட்ஃபார்மினோடு வேறொரு சர்க்கரை மருந்தும், அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரைகளும், முன்தோலுக்குப் பூஞ்சைக் கொல்லிக் களிம்பும் கொடுத்தோம். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகை மருந்துகளை, அதாவது எம்பாகுளிஃப்ளோசின், டாபாகுளிஃப்ளோசின் போன்றவற்றை, வேண்டுமென்றே தவிர்த்தோம். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான். ஆனால் முன்தோலில் ஏற்கனவே பூஞ்சை இருப்பவருக்கு அவை எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். உங்களுக்கும் சர்க்கரை உறுதியானால், மருந்து எழுதும் மருத்துவரிடம் முன்தோல் தொல்லையை மறவாமல் சொல்லுங்கள். மூன்று வாரத்தில் அவருடைய வெடிப்பு ஆறியது. தே தாரிக்கையும் டின் பானங்களையும் விட்டார்; இரவு உணவில் சோற்றைப் பாதியாகக் குறைத்தார்; ஆறு மாதத்தில் 9 கிலோ இறங்கினார். எச்பிஏ1சி 6.9-க்கு வந்தது. எழும்போதுள்ள விறைப்பு நான்காம் மாதத்தில்தான் மெல்லத் திரும்பத் தொடங்கியது. முழுவதும் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். நரம்பில் பதிந்துவிட்ட பாதிப்பு எளிதில் மாறாது. இன்றும் அவருக்குச் சில வேளைகளில் மாத்திரை தேவைப்படுகிறது. அந்த ஓராண்டுக்கு முன்பே வந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நீங்கள் எட்டாம் மாதத்தில் எழுதியிருக்கிறீர்கள்; ஒன்பதாம் மாதம் முடிவதற்குள் இரத்தம் கொடுத்துவிடுங்கள்.

பரிசோதனை பெரிய காரியம் இல்லை. எச்பிஏ1சி-க்கு வெறும் வயிறு தேவையில்லை. நம் நாட்டுச் சிகிச்சை வழிகாட்டியின்படி அது 6.3 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீர், 5.7 முதல் 6.2 வரை அதன் வாசற்படி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேல் இருப்பதும் இனிப்பு நீர்தான். அதே ஊசியில் கொழுப்பு அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தை அமைதியாக அமர்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் பார்ப்பதாக இருந்தால் மட்டும் நேரம் முக்கியம். அது விடியலில் உயர்ந்து பிற்பகலில் இறங்கும் இயல்புடையது. எனவே காலை 11 மணிக்கு முன்பு, வெறும் வயிற்றில், முந்தைய இரவு ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்த கையோடு போய் இரத்தம் கொடுத்தால் அந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். ஒருமுறை குறைவாக இருந்தாலும், வேறொரு நாள் திரும்பப் பார்க்காமல் குறைபாடு என்று முடிவு செய்யக் கூடாது.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. உற்சாகம், ஆண்மை என்று சொல்லி டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடுகிறவர்கள் உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களிலும் அது கைமாறுகிறது. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைச் செலுத்தினால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எண்ணி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி வெகுவாகக் குறையும், சிலருக்கு அடியோடு நின்றேபோகும். குழந்தைக்காக முயன்றுகொண்டிருக்கும் நீங்கள், உங்கள் ஹார்மோன் உண்மையிலேயே குறைவாக இருந்தாலும், குழந்தை வேண்டும் என்பதை மருத்துவரிடம் சொல்லாமல் அந்த ஊசிக்குக் கை நீட்டக் கூடாது.

இனி அந்தக் காப்பி. அது மூன்று முறை வேலை செய்ததற்குக் காரணம் மூலிகை என்று நான் நம்பவில்லை. ஆண்மைக்கு என்று விற்கப்படும் காப்பித் தூள்களில் சில்டெனாஃபில், டடாலாஃபில் ஆகிய மருந்துகளோ அவற்றை ஒத்த இரசாயனங்களோ கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வந்திருக்கிறது. எந்தப் பொட்டலத்தில் எவ்வளவு என்பது கலந்தவருக்கே தெரியாது; ஒரு பொட்டலத்தில் ஒன்றும் இருக்காது, அடுத்ததில் இரண்டு மாத்திரையின் அளவு இருக்கும். நான்காம் முறை உங்கள் நெஞ்சு படபடத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கலப்படம் அந்த மருந்தோடு நிற்பதும் இல்லை. 2008-இன் முதல் ஐந்து மாதங்களில், சிங்கப்பூரின் ஐந்து அரசு மருத்துவமனைகளில், இனிப்பு நீர் நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குச் சரிந்து சேர்க்கப்பட்டார்கள். சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மருந்துகளில், சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு கலந்திருந்ததே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. அவர்களில் நால்வர் இறந்துபோனார்கள். உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் பொட்டலங்களை நண்பரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், அவரும் குடிப்பார். மருத்துவரிடம் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள்.

உங்கள் தந்தையின் இருதய நோயை நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இருதயத்துக்குச் செல்லும் தமனியோ 3 முதல் 4 மில்லிமீட்டர். உடலெங்கும் ஒரே நேரத்தில் குழாய்கள் கெடத் தொடங்கும்போது, குறுகிய குழாயில்தான் குறை முதலில் தெரியும். இரத்தக் குழாய் சார்ந்த விறைப்புக் குறைபாடு, நெஞ்சு வலிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முந்தியே வருவதுண்டு. எனவே உங்கள் கொழுப்பு அளவையும் சிகரெட்டையும் ஒரு முப்பத்தாறு வயதுக்காரரின் அலட்சியத்தோடு பார்க்க வேண்டாம். படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் இறுக்கம் வருகிறதா என்பதை மருத்துவர் கேட்பார். வந்தால் மறைக்காதீர்கள், மாத்திரைக்கு முன் இருதயத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது செய்தி உங்கள் வீட்டு அலமாரியைப் பற்றியது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைப்பதற்காக இருதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரை உங்கள் தந்தையிடம் இருக்கக்கூடும். விறைப்புக்கான மாத்திரை உடலில் இருக்கும்போது நைட்ரேட்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபிலுக்குப் பின் 24 மணி நேரமும், டடாலாஃபிலுக்குப் பின் 48 மணி நேரமும் நைட்ரேட்டைத் தொடக் கூடாது. உங்களுக்கு நெஞ்சு வலி வந்து, பாசத்தால் அப்பா தன் மாத்திரையை உங்கள் வாயில் வைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு வலி வந்தால் 999-ஐ அழையுங்கள். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை வெட்கப்படாமல் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். காப்பி குடித்திருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை நல்ல மாத்திரைதான். இருதயம் தகுதியாக இருந்தால் அதைப் பயன்படுத்துவதில் எந்த இழுக்கும் இல்லை. சில்டெனாஃபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வயிறு லேசாக இருக்கும்போது போட வேண்டும். நாசி கண்டாரைக் குழம்போடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் மாத்திரையைப் போட்டால், கொழுப்பு அதை உறிஞ்சவிடாமல் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடும். அதற்குள் நீங்கள் மனம் தளர்ந்து மாத்திரை பயனற்றது என்று முடிவு செய்துவிடுவீர்கள். மாத்திரை தானாக விறைப்பை உண்டாக்காது. ஆசையும் தொடுதலும் அனுப்பும் செய்தியை அது நீண்ட நேரம் நிலைக்கச் செய்யும், அவ்வளவுதான். ஆகவே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. முதல் முறை பலிக்கவில்லை என்றால் விட்டுவிடவும் கூடாது. சரியான முறையில் ஆறு முதல் எட்டு முறை முயன்ற பிறகே அந்த அளவு போதவில்லை என்று சொல்லலாம். முகம் சிவத்தல், தலைவலி, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை வரலாம், சில மணி நேரத்தில் போய்விடும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலித்தால் மட்டும், நடுநிசியானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

நேரம் பார்த்து மாத்திரை போடுவது உங்களுக்கு நெருக்கடியாக இருந்தால் டடாலாஃபில் பொருந்தலாம். அது 36 மணி நேரம் வரை உதவும். உணவு அதைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்கு நான் அதைத்தான் அதிகம் எழுதுகிறேன். எதுவானாலும், சர்க்கரை கட்டுப்படாத உடம்பில் இம்மாத்திரைகள் பாதிப் பலனே தரும் என்பதால்தான் பரிசோதனையை முதலில் வைத்தேன். நடையும் மருந்தைப் போல வேலை செய்யும்: வாரம் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் 40 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில், ஆறு மாதம். அந்த அளவு உடற்பயிற்சி இரத்தக் குழாய் சார்ந்த விறைப்புக் குறைபாட்டைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பந்தாய் பெர்சே கடற்கரை உங்களுக்குப் பக்கம்தான். வெயில் தாழ்ந்த பிறகு மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

காரணம் உடலில் தொடங்கியிருந்தாலும், இந்த எட்டு மாதத்தில் அதன்மேல் பயமும் ஏறி உட்கார்ந்திருக்கும். 'இன்றைக்கு நிற்குமா' என்று உங்களை நீங்களே வேவு பார்க்கத் தொடங்கும்போது உடலில் அட்ரினலின் சுரந்து, விரிய வேண்டிய அதே குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. கருத்தரிக்கும் நாள் என்று நாள்காட்டியில் குறித்து வைத்த இரவில் அது இன்னும் கடுமையாகும். எப்படியும் முன்தோல் ஆறும்வரை நீங்கள் உறவைத் தவிர்க்க வேண்டும். வெடிப்பு பெரிதாகும், பூஞ்சை மனைவிக்கும் தொற்றக்கூடும். அவருக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவரும் சிகிச்சை பெறட்டும். அந்த மூன்று நான்கு வாரங்களைக் காத்திருக்கும் காலமாக மட்டும் கழித்துவிடாதீர்கள். உறவு கிடையாது என்று இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டு, ஒருவரை ஒருவர் அணைத்துத் தொட்டு அருகில் படுத்திருங்கள். தேர்வு இல்லாத அந்த நெருக்கத்தில் பயம் இறங்குவதை நான் பல தம்பதியரிடம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனைவியின் கண்ணீருக்கு விடை உங்கள் இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அவர் உங்கள் மௌனத்தைத்தான் வேறொரு பெண்ணாக எண்ணிக்கொள்கிறார். 'எனக்கு உன்மேல் ஆசை குறையவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை. சர்க்கரையாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், பரிசோதனைக்கு நீயும் கூட வா' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். விறைப்புக் குறைபாடு என்பது மலட்டுத்தன்மை இல்லை என்பதையும் அவரிடம் சொல்லலாம். ஆனால் ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால், உங்கள் விந்துப் பரிசோதனையும் அவருடைய பரிசோதனையும் சேர்த்தே நடக்க வேண்டும்.

கிளினிக் முகப்பில் இருப்பவரிடம் நீங்கள் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். 'அப்பாவுக்குக் கென்சிங் மானிஸ் இருக்கிறது, எனக்கும் பார்க்க வேண்டும்' என்று சொன்னாலே எண் கொடுத்துவிடுவார்கள். அது பொய்யும் இல்லை. தெரிந்தவர் இருப்பது உறுத்தினால் பாலத்தைத் தாண்டி, நீங்கள் வேலை செய்யும் தீவுப் பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்குப் போங்கள். மருத்துவர் அறைக் கதவை மூடிய பிறகு, களிம்புக் குழாயையும் காப்பிப் பொட்டலத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, கைத்தொலைபேசியில் எழுதிய குறிப்பைக் காட்டுங்கள். பேச நாக்கு எழாவிட்டால் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே அவரிடம் நீட்டலாம். அவருக்குத் தேவையானது பெரும்பாலும் அதில் இருக்கிறது. முடிவு வந்ததும் எச்பிஏ1சி எண்ணையும் இரத்த அழுத்தத்தையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.